தெற்கு மாசி வீதிக்குத் திரும்பியபோது

15.12.2024, ஞாயிறு

ஆக்லாந்திலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து மதுரை. 2014 கடைசியில் கிளம்பியவன், பத்து வருடம் கழித்து வருகிறேன். நடுவில் இரண்டு முறை டிக்கெட் போட்டேன். முதல் முறை வேலை போய்விட்டது, இரண்டாம் முறை கொரோனா. அம்மாதான் ஒரு தடவை அங்கே வந்து, குளிர் தாங்காமல் ஆறே வாரத்தில் ஓடி வந்துவிட்டார்.

தெற்குவாசல் தாண்டும்வரை டாக்சியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் எந்தக் கடை எங்கே இருந்தது என்று தேடுவதை விட்டுவிட்டேன். வீட்டுச் சந்து மட்டும் அப்படியே இருந்தது. டாக்சி உள்ளே வராது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

அம்மா வாசலில் நின்றார். "இளைச்சுட்டியேப்பா" என்றார். போனபோது இருந்ததைவிடப் பதினொரு கிலோ கூடியிருக்கிறேன்.

16.12.2024, திங்கள்

மார்கழி முதல் நாள். நேரக் குழப்பத்தில் நாலு மணிக்கே முழிப்பு. ஐந்தரைக்கு வெளியே இறங்கினேன்.

மதுரையின் நடுப்பகுதியில் தொலைந்து போவது கஷ்டம். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. வீதிகளின் மேல்தோல்தான் மாறியிருக்கிறது. மாசி வீதியை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். சிறு வயதில் சைக்கிளோடு விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்ட பள்ளம் இருந்த இடத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. பள்ளம் போனதற்கு வருத்தப்படுகிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

விளக்குத்தூண் பக்கம் திரும்பியதும் சுக்கு வாசனை வந்தது. பருத்திப்பால். வண்டி முன்பு இருந்த மூலையில் இல்லை, முப்பதடி தள்ளி ஒரு மூடிய ஜவுளிக்கடைப் படிக்கட்டை ஒட்டி நின்றது. ஈயம் பூசிய பித்தளை அண்டா போய், எவர்சில்வர் டிரம் வந்திருக்கிறது. கண்ணாடி டம்ளருக்குப் பதில் பேப்பர் கப். நின்றவர் பழைய பெரியவரின் மகன். முகத்தில் அப்பா அப்படியே இருந்தார்.

முதல் வாய் குடித்ததும் ஒன்றும் பேசத் தோன்றவில்லை. அதே கெட்டி, நாக்கின் பின்பக்கம் லேசாகச் சுடும் அதே சுக்கு, அடியில் பல்லில் கடிபடும் அதே தேங்காய்ப் பூ.

இருபது ரூபாய். பர்ஸில் பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று இருந்தது, 2016 நவம்பரில் செல்லாமல் போனது. அதை அவர் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, டிரம்மில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டையைக் காட்டினார். என்னிடம் இந்திய நம்பரே இல்லை. "நாளைக்குக் குடுங்கண்ணே, வீடு இங்கதான?" என்றார். ஊரில் முதல் நாளே கடன்.

17.12.2024, செவ்வாய்

கடனை அடைத்தேன். இரண்டு கப் குடித்தேன்.

அம்மாவின் தையல்காரரைப் பார்க்கப் போனோம். என் நினைவில் அவர் புது மண்டபத்துத் தூண் ஒன்றுக்குக் கீழே மிஷினோடு உட்கார்ந்திருப்பார். பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. சிலைகளுக்கு நடுவே ரவிக்கைத் துணி தொங்கும், பள்ளிக்கூடப் புத்தகமும் பாத்திரமும் விற்பார்கள். இப்போது அந்தக் கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு இது நல்லதுதான், சிற்பங்கள் மூச்சு விடும். ஆனால் இருபது மிஷின் ஒன்றாக ஓடும்போது கல்லில் பட்டுத் திரும்பி வருமே ஒரு சத்தம், அதை எங்கேயும் மாற்றிவைக்க முடியாது.

திரும்பும்போது அம்மாவுக்கு விளக்குத்தூண் கதையைச் சொன்னேன். 1840களில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்து நகரத்தை விரித்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த தூண் அது. கோட்டைச் சுவர் இருந்த இடம்தான் வெளி வீதிகள். "அன்னைக்கும் எவனாவது வெளியூர்லேர்ந்து வந்து, எங்க கோட்டையக் காணோம்னு பொலம்பியிருப்பான்" என்றார் அம்மா.

19.12.2024, வியாழன்

வீட்டில் பருத்திப்பால் வைத்தேன். உருப்படவில்லை.

மாட்டுத் தீவனக் கடையில் கால் கிலோ பருத்திக்கொட்டை வாங்கி, ராத்திரி ஊறவைத்து, காலையில் மிக்ஸியில் அரைத்துப் பிழிந்தேன். சத்தை விடக்கூடாது என்று நாலு தடவை தண்ணீர் ஊற்றிப் பிழிந்தேன். வெல்லத்தையும் அரிசி மாவையும் சேர்த்தே போட்டுக் கொதிக்கவிட்டேன். வந்தது பழுப்பு நிறத்தில் ஒரு நீர்த்த கஷாயம். தொண்டையில் கசப்பு, மூக்கில் பழைய எண்ணெய் வாடை, மேலே வேகாத மாவுக் கட்டிகள். அம்மா ஒரு மடக்கு குடித்துவிட்டு, "மாட்டுக்குக் கூட இதக் குடுக்க முடியாது" என்றார்.

20.12.2024, வெள்ளி

வண்டிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். கூட்டம் குறைந்ததும் உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

முதலில் கொட்டை. நான் வாங்கியது பழசு. ஒரு கொட்டையைக் கடித்து உடைத்து உள்பருப்பைப் பார்க்க வேண்டுமாம். வெளிர் மஞ்சளில் பொட்டுப் பொட்டாகக் கருப்புப் புள்ளி இருந்தால் நல்ல கொட்டை. பருப்பே பழுப்பாகிவிட்டால் எண்ணெய் காறிப்போய்விட்டது. பிறகு என்ன சுக்குப் போட்டாலும் வாடை போகாது. விதைக் கடைப் பக்கமே போகாதீர்கள் என்றார். விதைப்புக்கு விற்பதில் சாயமும் பூச்சி மருந்தும் ஏற்றியிருப்பார்கள், அது சாப்பிடுவதற்கானது இல்லை.

அந்தக் கருப்புப் புள்ளி பற்றி நான் படித்தது உண்டு. கோசிப்பால் என்கிற கசப்பான நச்சுப் பொருள் அதில்தான் இருக்கிறது. நன்றாகக் கொதித்து வேகும்போது அதில் பெரும்பகுதி பருப்பின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வீரியம் இழக்கும். பச்சைப் பாலை யாரும் குடிக்காததற்குக் காரணம் வாடை மட்டுமல்ல. இவரிடம் அந்தப் பெயரைச் சொன்னபோது, "அதெல்லாம் தெரியாதுண்ணே, பச்ச வாடை போற வரைக்கும் கிண்டணும்னு அப்பா சொல்லுவாரு" என்றார்.

அடுத்து பிழிவது. இரண்டு பிழிவோடு நிறுத்த வேண்டும். மூன்றாவதிலிருந்து தோலின் துவர்ப்பும் கசப்பும்தான் வரும், நான் நான்கு பிழிந்திருந்தேன். வெல்லம் கடைசியில்தான் போக வேண்டும். முதலிலேயே இனிப்பு சேர்ந்துவிட்டால் மாவு சரியாக வேகாது.

அப்பா காலத்துச் சுவையை எப்படி மாறாமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். அவருடைய அப்பா முதலில் வாங்கியது கருங்கண்ணிப் பருத்திக் கொட்டை, நாட்டு ரகம். அது கிடைப்பது குறைந்து பிறகு மரபணு மாற்றிய பி.டி. பருத்திக் கொட்டையே வந்தது, அதற்கேற்ப ஊறும் நேரத்தை மாற்றினார்கள். கருப்பட்டி விலை ஏறியதும் முழுக்க மண்டை வெல்லத்துக்கு மாறினார்கள். வெல்லத்தில் கருப்பட்டியின் காட்டம் இல்லை என்பதால் சுக்கைக் கொஞ்சம் கூட்டினார்கள். விறகு போய் கேஸ் வந்தது.

பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது 2002இல். அப்படியானால் நான் பத்து வருடமாக அங்கே ஏங்கிக்கொண்டிருந்தது ஏற்கெனவே மாறிப்போன பருத்திப்பாலுக்கா? இதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "கருப்பட்டி போட்டது நல்லா இருக்கும்டா, ஒனக்கு ஞாபகம் இருக்காது" என்றார், காய் நறுக்கிக்கொண்டே.

22.12.2024, ஞாயிறு

இரண்டாம் முயற்சி. வண்டிக்காரரே கொடுத்த கொட்டை, 200 கிராம். பஞ்சு நூலும் மண்ணும் போக ஐந்து தண்ணீரில் அலசினேன். மிதந்த பதரை எடுத்துப் போட்டேன். பத்து மணி நேரம் ஊறியது, நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்றம்.

அம்மா மிக்ஸியைத் தள்ளிவைத்துவிட்டு கிரைண்டரில் போட்டார். மிக்ஸி தோலையும் தூளாக்கிப் பாலில் கலந்துவிடுகிறது. கிரைண்டரில் பருப்பு நசுங்கி, தோல் பெரிய சக்கையாகவே துணியில் நிற்கிறது. இரண்டு பிழிவில் முக்கால் லிட்டர் பால் வந்தது. அரை மணி நேரம் அசையாமல் வைத்தபோது அடியில் கருப்பு வண்டல் தங்கியது, மேலாக இறுத்துக்கொண்டோம்.

இரண்டு ஸ்பூன் ஊறிய பச்சரிசியை அரைத்துக் கரைத்து, சிறுதீயில் வைத்துக் கிண்ட ஆரம்பித்தேன். இங்கேதான் பொறுமை போகும். பத்து நிமிடம் பச்சைப் புல் மாதிரி ஒரு வாசனை. நுரை ஏறி ஏறி இறங்கும். போனை எடுத்துப் பார்த்த அந்த அரை நிமிடத்தில் அடி பிடிக்கத் தொடங்கிவிட்டது, அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தார். நாற்பத்திரண்டு வயது எனக்கு. இருபத்தைந்து நிமிடம் ஆனபோது நுரை அடங்கி, புல் வாசனை போய், வேகவைத்த நிலக்கடலை மாதிரி ஒரு வாசனை எழுந்தது. கரண்டியின் முதுகில் பால் ஒட்டி நின்றது. அப்போதுதான் கரைத்து வடிகட்டிய வெல்லம் கால் கிலோ, சுக்கு, ஏலக்காய். இறக்கியதும் தேங்காய்ப் பூ.

குடித்தோம். தெருவில் குடிப்பதற்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. சுக்கு மட்டும் குறைவு.

26.12.2024, வியாழன்

நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் நண்பன் அழைத்துப் போனான். ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 2023இல் திறந்தது. போகும் வழியில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், அதுவும் அதே வருடம். கோரிப்பாளையத்தில் இன்னொரு பாலத்துக்குத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், அங்கே நாற்பது நிமிடம் நின்றோம். பாலத்தின் மேலே நண்பன் எண்பதில் ஓட்டிக்கொண்டே எந்த இடம் எங்கே இருந்தது என்று கீழே கைகாட்டினான். எனக்கு ரோட்டைப் பாரு என்று கத்தத்தான் தோன்றியது.

28.12.2024, சனி

நாளை கிளம்புகிறேன். மிச்சம் இருந்த கொட்டையை அம்மா டப்பாவில் போட்டுப் பெட்டியில் வைத்திருந்தார். வெளியே எடுத்தேன். நியூசிலாந்தில் விதையை விடமாட்டார்கள். சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் 400 டாலர் அபராதம். சொன்னால் வாங்கித் தூக்கிப் போடுவார்கள்.

"வறுத்துட்டா மொளைக்காதே" என்றார் அம்மா. வறுத்தால் பால் வராது என்றேன். கொஞ்ச நேரம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், பின்சந்தில் மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

காலையில் நாலரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன். வண்டிக்காரர் நாலே முக்காலுக்கு வந்துவிடுவாராம். இந்தத் தடவை சில்லறை இருக்கிறது.