எட்டு சதவீதமும் வெறும் தாளும்

கங்கைகொண்டான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஜனவரி பிறந்தால் ஒவ்வொரு துறையிடமும் அடுத்த வருஷத்து பட்ஜெட்டைக் கேட்டு நடப்பது என் வேலை. மெயின்டனன்ஸ் அண்ணாச்சி எப்போதும் ஒரே வரியில் முடித்துவிடுவார். "இந்த வருசம் 42 லட்சம்லா, எட்டு பர்சென்ட் ஏத்திப் போடும்வே."

ஏற்றினால் 45.36 லட்சம். நடப்பு பட்ஜெட்டை அடியாக வைத்து மேலே கூட்டும் இந்த முறையில் அடியை யாரும் தொடுவதில்லை. அதைக் காட்டத்தான் அவர் முன்னால் ஒரு பழைய வரியை விரலால் தொட்டேன்: ஜெனரேட்டர் வாடகை, மாதம் 40,000, வருஷத்துக்கு 4.80 லட்சம். சொந்த ஜெனரேட்டர் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. "பிறகு இந்தப் பணம் எங்க போச்சு அண்ணாச்சி?"

பில் ஃபைலைப் புரட்டினோம். போன மார்ச் கடைசி வாரத்தில் பெயின்ட் டப்பாவாகப் போயிருந்தது. மிச்சம் வைத்தால் அடுத்த வருஷம் வெட்டிவிடுவார்கள் என்ற பயம்தான். அவரைக் குறை சொல்ல முடியாது, முறை அப்படி.

அவரே சிரித்தார். "எங்கூரு கோயில் கொடைக்கும் இதே கததான். கரண்டு வந்து எத்தன வருசமாச்சி, வரி நோட்டுல பெட்ரோமாக்ஸ் வாடக இன்னும் கெடக்கு."

அதன் பிறகு எனக்கு வேலை எளிது. வெறும் தாளில் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் பூஜ்ய அடி பட்ஜெட்டில் நடப்புத் தொகைக்கு எந்த உரிமையும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள்: இதைச் செய்யாவிட்டால் என்ன நிற்கும், குறைந்தபட்சம் எவ்வளவில் ஓட்டலாம், இப்போதைய அளவுக்கு எவ்வளவு, கூடக் கொடுத்தால் என்ன கிடைக்கும். பிறகு எல்லாத் தாளையும் முக்கியத்துவப்படி அடுக்க வேண்டும். மேலிருந்து பணம் தீரும் வரை அனுமதி.

இது வெட்டுவதற்கு மட்டுமான கத்தி என்றுதான் அவர் நினைத்திருந்தார். ஆனால் கம்ப்ரஸர் ஓவர்ஹாலுக்கு இந்த வருஷ பட்ஜெட்டில் ஒரு பைசாவும் இல்லை. ஓடிய மணிநேரப்படி அடுத்த வருஷம் செய்தாக வேண்டும், 3.50 லட்சம் ஆகும். எட்டு சதவீதக் கணக்கில் அது கண்ணிலேயே பட்டிருக்காது.

எல்லாவற்றையும் இப்படிக் கிளறினால் ஏப்ரல் வந்துவிடும். அதனால் நாலு தலைப்பை மட்டும் வெறும் தாளில் எழுதினோம். ஒப்பந்தத்தில் கட்டுண்ட பராமரிப்புச் செலவு மாதிரி மற்றவற்றுக்குப் பழைய முறையே போதும்.

அடுக்கும்போதுதான் அண்ணாச்சி விளையாடினார். பாய்லர் வேலை கடைசியில், பெயின்ட் மூணாவதில். வருஷாந்தரப் பரிசோதனை முடிந்து சான்றிதழ் வராமல் பாய்லரை ஓட்டச் சட்டம் விடாது. முதலாளி எப்படியும் அதற்குப் பணம் கொடுப்பார், கூடவே மேலே உள்ள பெயின்ட்டும் தப்பிவிடும் என்று கணக்கு. நான் பாய்லர் தாளை எடுத்து முதலில் வைத்தேன்.

"கண்டுபிடிச்சிட்டீராவே" என்று டீ சொன்னார்.

மொத்தம் ஏறக்குறைய 40 லட்சத்தில் நின்றது. ஓவர்ஹாலும் அதற்குள்ளேயே.