வலி இடம் மாறியதும் ஒரு சின்னக் கல்லும்

வயிற்று வலி என்று அல்ட்ராசவுண்டுக்கு வருபவர்களிடம், வயிற்றில் வைத்துப் பார்க்கும் கருவியான புரோபை எடுக்கும் முன்பே வலி எங்கே ஆரம்பித்தது என்று கேட்டுவிடுவேன். பாதி ஸ்கேன் அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும்.

அன்று வந்தவர் இருபதுகளில் இருந்த இளைஞர். இடுப்பைக் கொஞ்சம் குனித்தபடி, மெதுவாக நடந்து வந்தார். "நேத்து சாயங்காலம் தொப்புளைச் சுத்தி ஒரு மாதிரி இருந்துச்சு டாக்டர். வாயுன்னு நினைச்சேன். சாப்பிடவே பிடிக்கல, ஒரு தடவை வாந்தி வேற. விடிஞ்சு பார்த்தா இங்க வந்துருச்சு" என்று வலது அடிவயிற்றில் ஒற்றை விரலை வைத்தார். முந்தைய நாள் அவரிடம் இடம் கேட்டிருந்தால் உள்ளங்கையால் வயிறு முழுக்கத் தடவிக் காட்டியிருப்பார்.

கேட்டதுமே குடல்வால் அழற்சியாக இருக்கும் என்று தோன்றியது. அப்பெண்டிக்ஸ் எனப்படும் குடல்வாலின் வாய் அடைபட்டால் உள்ளே சளி தேங்கி அதன் சுவர் விம்முகிறது. அந்த விம்மலை உணரும் நரம்புகள் தண்டுவடத்தில் பத்தாவது மார்பு நரம்பின் மட்டத்தில் நுழைகின்றன. தொப்புளைச் சுற்றியுள்ள தோலின் உணர்வும் அதே மட்டத்துக்குத்தான் வருகிறது. சேதி எங்கிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரிக்கத் தெரியாமல், தொப்புள் வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறது. சில மணி நேரம் கழித்து அழற்சி சுவரைத் தாண்டி, வயிற்றின் உட்புறச் சவ்வைத் தொடுகிறது. அந்தச் சவ்வின் நரம்புகள் தோலின் நரம்புகளைப் போலவே துல்லியமானவை. அதனால்தான் விரல் வைத்துக் காட்ட முடிகிறது; இருமினாலும் வண்டி குலுங்கினாலும் சுள்ளென்கிறது. குடல்வால் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது, வலியைச் சொல்லும் நரம்புதான் மாறியிருக்கிறது.

எல்லோருக்கும் வலி இப்படி இடம் மாறாது. ஏறக்குறைய பாதிப் பேரிடம்தான் பார்க்கலாம். குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் விலாவிலோ முதுகிலோ வலிக்கும். இடுப்புக்குள் தொங்கினால் அடிக்கடி சிறுநீர் வரும், நோயாளியும் சிறுநீர்த் தொற்று என்று நினைத்துக்கொள்வார்.

அவர் விரல் வைத்த இடத்திலேயே புரோபை வைத்து, மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டினேன். குடலில் உள்ள காற்று ஒலியலையை மறைக்கும். அழுத்தினால் அது விலகும். சட்டென்று அழுத்தினால் நோயாளி வயிற்றை இறுக்கிக்கொள்வார், அப்புறம் ஒன்றும் தெரியாது. நல்ல குடல் அழுத்தத்தில் தட்டையாகும், புழுப்போல் நெளியவும் செய்யும். இவருக்குத் தெரிந்த குழாய் ஒரு முனை மூடியிருந்தது, நெளியவில்லை, நசுங்கவும் இல்லை. விட்டம் 9 மில்லிமீட்டர். 6-ஐத் தாண்டினாலே சந்தேகப்படுவோம். சுற்றியிருந்த கொழுப்பு வெள்ளையாகத் தடித்திருந்தது. அடிப்பகுதியில் வெளிச்சமாக ஒரு புள்ளி, அதன் பின்னால் கறுப்பு நிழல். அது இறுகிப்போன மலத்தால் ஆன கல்.

இவர் ஒல்லியானவர், எனக்கு வேலை எளிதாயிற்று. வயிறு பருத்திருந்தாலோ காற்று மறைத்தாலோ பல நேரம் குடல்வாலே கண்ணில் படாது. அப்போது 'குடல்வால் தெரியவில்லை' என்றுதான் எழுதுவேன். வீட்டார் அதை 'ஒண்ணுமில்லையாம்' என்று படித்துக்கொண்டு கிளம்பத் தயாராவார்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் அடுத்தது சி.டி.தான். அது பெரும்பாலும் தெளிவாகச் சொல்லிவிடும், ஆனால் கதிர்வீச்சு உண்டு. அதனால் குழந்தைகளுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட்; கர்ப்பிணிகளுக்கும் அதுவே முதல், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.

"மாத்திரையிலேயே சரி பண்ண முடியாதா?" என்று இளைஞர் அறுவை மருத்துவரிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். வெடிக்காத குடல்வால் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுப்பது இன்று ஏற்கப்பட்ட வழி. அமெரிக்காவில் நடந்து 2020-இல் வெளியான கோடா ஆய்வில், ஆன்டிபயாடிக்கில் தொடங்கியவர்களில் பத்தில் மூன்று பேருக்கு 90 நாட்களுக்குள் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. கல் இல்லாதவர்களில் அது நாலில் ஒருவர். கல் இருந்தவர்களில் பத்தில் நான்கு பேர். அவர்களுக்குச் சிக்கல்களும் அதிகம். கல் இல்லாதவர்களை மட்டும் சேர்த்த பின்லாந்து ஆய்வில்கூட, ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 39 சதவீதம் பேருக்குக் குடல்வால் அழற்சி திரும்ப வந்தது. கல் இல்லாமல், பரீட்சையோ பயணமோ முன்னால் நிற்கிறது என்றால், மாத்திரையைத் தேர்ந்தெடுப்பதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

இவருக்குக் கல் இருந்ததால் அறுவை சிகிச்சையே நல்லது என்றார் மருத்துவர். அன்று மாலையே லேப்ராஸ்கோப்பியில் எடுத்துவிட்டார்கள். கல்லுக்கு அப்பால் இருந்த நுனி கறுத்துப் போயிருந்ததாம், ஆனால் இன்னும் வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் உள்ளழுத்தம் குறைந்து, வலி சற்று நேரம் விட்டதுபோல் இருந்திருக்கும். பிறகு வயிறு முழுக்கப் பலகையாய் இறுகியிருக்கும். மாத்திரையோடு வீட்டுக்குப் போகிறவர்களிடம் அந்த மருத்துவர் தவறாமல் சொல்வது இது: "வலி திடீர்னு விட்டு, காய்ச்சல் ஏறுச்சுன்னா, குணமாயிடுச்சுன்னு படுத்துடாதீங்க. உடனே வாங்க."