747-இன் வால் ஆட்டத்தை மடிக்கணினியில் அடக்கிப் பார்த்தது

சுபாங்கில் பல ஆண்டுகள் விமான மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்த்துவிட்டு ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். பறக்கும் விமானம் தானாகவே இரண்டு விதமாக ஆடக்கூடும்: மெல்ல ஏறி இறங்கும் ஃபுகாய்டு, பக்கவாட்டில் திரும்பியும் சரிந்தும் ஆடும் டச் ரோல். வால் சுக்கானைத் தானே நகர்த்தி ஆட்டத்தை அடக்கும் கருவிதான் யா டாம்பர். பிரிக்பீல்ட்ஸ் கடையில் தே தாரிக் குடிக்கும்போது, “யா டாம்பர் இரண்டு ஆட்டத்தையும் அடக்கும்தானே அண்ணே?” என்று கேட்டேன். “ஒன்றைத்தான் அடக்கும் தம்பி. மற்றதை அது கண்டுகொள்ளவே செய்யாது” என்றார். அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றுதான் இந்தச் சோதனையில் இறங்கினேன்.

முதலில் அந்த மற்றது. ஃபுகாய்டு என்பது உயரத்துக்கும் வேகத்துக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கல். மூக்கு கொஞ்சம் மேலே போனால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் தூக்குவிசை போதாமல் விமானம் கீழே சரிகிறது. சரியும்போது வேகம் கூடி மறுபடி எழுகிறது. ஃப்ளைட்கியர் என்ற விமானப் பாவனை மென்பொருளில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தைச் சமநிலைப்படுத்தி, மூக்கை இழுத்து வேகத்தைச் சற்றுக் குறைத்து, பிடியை விட்டுவிட்டால் போதும், தெளிவாகத் தெரியும். லாஞ்செஸ்டரின் பழைய சூத்திரம் `T = π√2·V/g`. 90 நாட் வேகத்துக்கு அது 21 விநாடி தருகிறது. திரையில் வந்தது அதைவிடச் சற்று நீளம். இழுவையையும் இறக்கையின் விவரங்களையும் அந்தச் சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் இந்த வேறுபாடு எனக்கு வியப்பாக இல்லை. இத்தனை மெதுவான ஆட்டத்தை விமானியோ தானியங்கி விமானியோ மூக்கின் கோணத்தைப் பிடித்துவைத்தே அடக்கிவிடலாம். பக்கவாட்டுச் சுக்கானுக்கு இதில் வேலையில்லை.

டச் ரோல் அப்படிப்பட்டதல்ல. காற்று மூக்கை வலப்பக்கம் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை கொண்ட விமானத்தில் அப்போது இடது இறக்கை காற்றை நேராகச் சந்திக்கும். அதன் தூக்குவிசை கூடும், விமானம் வலப்பக்கம் சரியும். இதற்குள் வால் செங்குத்துத் துடுப்பு மூக்கைத் திரும்ப இழுக்கிறது. ஆனால் அது நடுவில் நிற்காமல் மறுபக்கம் தாண்டிப் போய்விடுகிறது. பிறகு எல்லாம் இடமாறி நடக்கிறது. திருப்பமும் சரிவும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் இறக்கை நுனி வானத்தில் ஒரு நீள்வட்டம் போடும். உயரே போகப்போகக் காற்று மெலிவதால் தணிப்பும் குறைகிறது. ஆகவே சொகுசாகப் பறக்க வேண்டிய உயரத்தில்தான் ஆட்டம் அதிகம்.

சோதனைக்கு எடுத்துக்கொண்டது, கட்டுப்பாட்டுப் பாடநூல்களில் பலமுறை வரும் போயிங் 747 மாதிரி: 40,000 அடி, மாக் 0.8, அதாவது விநாடிக்குச் சுமார் 236 மீட்டர். நான்கு நிலைகள்: பக்க வழுக்கல், திரும்பும் வீதம், சரியும் வீதம், சரிவுக் கோணம். ஐந்தாவதாக வரும் நிலை எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

```python
import numpy as np
A = np.array([[-0.0558,-0.9968, 0.0802,0.0415],
              [ 0.598, -0.115, -0.0318,0],
              [-3.05,   0.388, -0.465, 0],
              [ 0,      0.0805, 1,     0]])
b = np.array([0.00729,-0.475,0.153,0])
k, a = 1.0, 0.25
M = np.zeros((5,5))
M[:4,:4] = A
M[:4,1] += k*b
M[:4,4] -= k*b
M[4,1], M[4,4] = a, -a
print(np.linalg.eigvals(M))
```

`A`-இன் ஐகென் மதிப்புகளை மட்டும் தனியே கேட்டால் `-0.033 ± 0.947j` என்று ஒரு ஜோடி வருகிறது. அதுதான் டச் ரோல். ஓர் ஆட்டத்துக்கு 6.6 விநாடி. வீச்சு பாதியாகக் குறையச் சுமார் 21 விநாடி ஆகும், அதாவது மூன்று ஆட்டங்களுக்கு மேல். விமானம் கவிழ்ந்துவிடாது. ஆனால் ஒவ்வொரு காற்றுத் தள்ளலுக்கும் இப்படி ஆடினால் பின்வரிசைப் பயணிகளின் வயிறு தாங்காது.

அடக்கும் வழி கேட்க எளியது. ரேட் கைரோ திரும்பும் வீதத்தை அளக்கும். அதற்கு எதிராகச் சுக்கான் கொஞ்சம் நகரும். `k = 1` என்றால், விநாடிக்கு 1 பாகை திரும்பினால் சுக்கான் 1 பாகை எதிர்த்து நிற்கும். முதலில் இதை மட்டும் வடிப்பி எதுவுமின்றிப் போட்டுப் பார்த்தேன். பாதியாகும் நேரம் 21 விநாடியிலிருந்து 3.6 விநாடிக்கு இறங்கியது. அருமை என்றுதான் தோன்றும், பட்டியலில் உள்ள மற்ற எண்களைப் பார்க்கும்வரை.

அதில் ஒன்று விமானத்தின் மெதுவான சரிவு. கைவிட்ட விமானத்தில் சரிவு பாதியாகச் சுமார் 95 விநாடி ஆகும். டாம்பர் போட்ட பிறகு அது 6 விநாடி ஆகிவிட்டது. அதாவது விமானி வேண்டுமென்றே திரும்பினாலும் விமானம் உடனே நிமிர்ந்துகொள்ளும். காரணம் புரிந்ததும் சிரிப்பு வந்தது. 20 பாகை சரிவில் சீராகத் திரும்பும்போது திரும்பும் வீதம் ஏறக்குறைய விநாடிக்கு 0.9 பாகை. கைரோவுக்கு அது ஆட்டமா, திருப்பமா என்று தெரியாது. எனவே அது திருப்பம் முழுவதும் 0.9 பாகைச் சுக்கானால் விமானியை எதிர்த்துக்கொண்டே இருக்கிறது.

இதற்குத்தான் ஐந்தாவது நிலை, வாஷவுட் வடிப்பி. நிலையாக நீடிக்கும் வீதத்தை அது மெல்ல மறந்துவிடும், மாறிக்கொண்டே இருக்கும் வீதத்தை மட்டும் சுக்கானுக்கு அனுப்பும். `a = 0.25` என்றால் மறக்கும் காலம் 4 விநாடி. திருப்பத்தைப் பழகிக்கொள்ளும் அளவுக்குக் குறுகியது, 6.6 விநாடி ஆட்டம் நழுவிப் போகாத அளவுக்கு நீண்டது. அதைச் சேர்த்ததும் டச் ரோல் பாதியாகும் நேரம் 4.2 விநாடி. சற்றுத்தான் மோசம். சரிவோ ஏறத்தாழ 140 விநாடிக்குப் போய்விட்டது. திருப்பம் விமானி கையில் திரும்பி வந்துவிட்டது.

பிறகு பேராசை. `k = 2` வைத்தால் 3.3 விநாடி. `k = 5` வைத்தால் 5.3 விநாடி! ஆட்டத்தின் காலமும் 11 விநாடியாக நீண்டுவிட்டது. டாம்பர் மூக்கை அவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டால், எஞ்சிய அசைவு சரிவிலும் பக்க வழுக்கலிலும் ஒளிந்துகொண்டு மெதுவாகத் தொடர்கிறது. கைரோவால் திரும்பும் வீதத்தை மட்டுமே பார்க்க முடியும், அதன் கண்ணில் படாத அசைவை அதனால் அடக்க முடியாது. இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எண்களை அண்ணனிடம் காட்டினேன். “சுக்கான் எவ்வளவு நகரலாம் என்று வரம்பு வைத்தாயா?” என்றார். வைக்கவில்லை. உண்மையான விமானங்களில் டாம்பருக்குச் சுக்கானின் சில பாகைகள் மட்டுமே தரப்படுவது உண்டு, பழுதானால் அது விமானத்தையே இழுத்துச் சென்றுவிடக் கூடாது அல்லவா? பெரிய காற்றடியில் அந்த வரம்பைத் தொட்டுவிட்டால் என் கணக்கிலுள்ள அழகான தணிப்பு கிடைக்காது. தவிர, சுக்கானை நகர்த்தும் இயந்திரமும் கொஞ்சம் தாமதிக்கும்.

பிறகு அவர் ஜப்பான் ஏர்லைன்ஸ் 123-ஐப் பற்றிச் சொன்னார். 1985 ஆகஸ்ட் 12 அன்று அந்த 747-இன் பின்புற அழுத்தத் தடுப்பு உடைந்து, செங்குத்துத் துடுப்பின் பெரும்பகுதியும் நான்கு ஹைட்ராலிக் அமைப்புகளும் போயின. சுக்கானே இல்லாதபோது யா டாம்பர் எதை நகர்த்தும்? விமானம் இரண்டு ஆட்டங்களையும் ஆடிக்கொண்டு அரைமணி நேரத்துக்கு மேல் பறந்தது. விமானிகளிடம் எஞ்சியிருந்தது எஞ்சின் விசைதான். சக்கரங்களை இறக்கியதும் ஃபுகாய்டு பெரும்பாலும் அடங்கியது. ஃபுகாய்டின் தணிப்பு தூக்குவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதத்தைச் சார்ந்தது, இழுவை கூடினால் அது சீக்கிரம் ஓய்கிறது. வழவழப்பாக வடிவமைத்த விமானத்தில்தான் ஃபுகாய்டு வெகுநேரம் நீடிக்கும்.

அடுத்து, சுக்கான் இயந்திரத்துக்கு 0.1 விநாடித் தாமதமும் 3 பாகை வரம்பும் சேர்க்கப் போகிறேன். வரம்பு நேரியலானதல்ல என்பதால் `eigvals` உதவாது, நேரப்படி ஓட்டித்தான் பார்க்க வேண்டும். சுக்கானின் விளைவான `b`-ஐப் பூச்சியமாக்கி, மூக்கைத் திரும்ப இழுக்கும் விளைவைக் குறிக்கும் `0.598`-ஐப் படிப்படியாகக் குறைத்து, துடுப்பில்லாத 747 எப்படி ஆடுகிறது என்பதையும் பார்க்க எண்ணம்.