ஆயுத பூஜை வாரத்துக்கு ஒரு கேப்ஷன் எழுதிய கதை

அசோக் நகரில் எங்களுடையது சின்னப் பூக்கடை. மாமியார் காலத்திலிருந்து நடக்கிறது. நான் வந்தபிறகுதான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் எல்லாம். மற்ற நாட்களில் பூவைப் படம் எடுத்து இரண்டு வரி எழுதிப் போட்டால் போதும். நவராத்திரியின் கடைசி வாரத்துக்கு அப்படி எழுதினால் என்ன ஆகும் என்பதை 2024இல் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. "ஆயுத பூஜைக்கு மாலை, தோரணம் ஆர்டர் எடுக்கிறோம், நாளையோடு முடிகிறது, முந்துங்கள்" என்று எழுதியிருந்தேன். கிண்டி பக்கம் ஒரு அலுவலகத்திலிருந்து நிலை மாலை இரண்டு, படத்து மாலை ஐந்து, உதிரிப் பூ இரண்டு கிலோ கேட்டார்கள். "ஆயுத பூஜைக்கு, காலை ஒன்பது மணிக்குள்ள வேணும்" என்றார்கள். வெள்ளி காலை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை ஒன்பதரைக்கு போன் வருகிறது: "அக்கா, பூ இன்னும் வரலையே, எல்லாரும் காத்திருக்காங்க."

வெள்ளிக்கிழமை அரசு விடுமுறை. அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், அதனால் முந்தின நாளே பூஜை போட்டுவிடுவார்கள். வீட்டில் ஆயுத பூஜை என்றால் அந்த நாள், அலுவலகத்தில் அதற்கு முந்தின நாள். அவர்கள் சொன்னதும் சரி, நான் எழுதியதும் சரி. ஆனால் பூ அன்றைக்கு வாங்கவே இல்லை. கடையில் கையிருப்பில் இருந்த சரத்தை வைத்து ஒப்பேற்றினோம். நிலை மாலை கட்ட நேரமில்லை. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

இன்னொரு தப்பு அந்த "நாளை". ஸ்டேட்டஸை யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அவர்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தவர்களுக்கும் அது "நாளை"தான். ஆர்டரை மூடியபிறகு பதினோரு பேர் கூப்பிட்டார்கள். அவர்கள் மேல் எந்தக் குற்றமும் சொல்ல முடியாது.

அதனால் 2025க்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆயுத பூஜை அக்டோபர் 1, புதன்கிழமை. விஜயதசமி வியாழன். கடைசி நேரம் எது என்று கேப்ஷனில் எழுதுவதற்கு முன்னால், அது எங்கிருந்து வருகிறது என்று பின்னாலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

செவ்வாய் காலை அலுவலகத்துக்குப் போக வேண்டிய சாமந்தி மாலையை திங்கள் மதியம் தொடங்கி இரவுக்குள் கட்டி முடிக்க வேண்டும். அதற்குப் பூ திங்கள் விடியற்காலை கோயம்பேட்டிலிருந்து வர வேண்டும். பண்டிகை வாரத்தில் போய் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று போனால், விலை ஒரு பக்கம், நல்ல பூ தீர்ந்துபோவது இன்னொரு பக்கம். எங்களுக்கு வழக்கமாகப் பூ தருகிற கமிஷன் கடை அண்ணன் முந்தின இரவே, "எத்தனை கிலோன்னு இப்பவே சொல்லிடும்மா, அப்புறம் என்னால எடுத்து வைக்க முடியாது" என்பார். அப்படியென்றால் ஞாயிறு இரவுக்குள் மொத்தக் கிலோ என் கையில் இருக்க வேண்டும். ஆர்டர்களைக் கூட்டி எழுத இரண்டு மணி நேரம். ஆக, செவ்வாய் டெலிவரிக்குக் கடைசி நேரம் ஞாயிறு, செப்டம்பர் 28, மாலை 6 மணி. புதன் டெலிவரிக்குத் திங்கள், 29, மாலை 6 மணி. "இரவு 12 வரை" என்று எழுதவே கூடாது. எந்த நாளின் இரவு என்று பாதிப் பேர் மாற்றி நினைத்துக்கொள்வார்கள்.

மல்லிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. சாமந்தி முந்தின நாள் கட்டினாலும் நிற்கும், மேலே தண்ணீர் தெளிக்காமல் மூங்கில் கூடையில் வாழை இலை போட்டு வைத்தால். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்து, அடி இதழ் பழுப்பாகிவிடும். காலையில் மாலையைத் திருப்பிப் பார்த்தால் காம்புப் பக்கம் கறுத்திருக்கும். மல்லி அப்படிக் காத்திருக்காது, மொட்டாக வாங்கி அன்றே கட்டி அன்றே போய்ச் சேர வேண்டும். விலையும் அன்றைக்கு அன்றைக்கு. அதனால் சாமந்தி வகைக்கு மட்டும் விலையை முன்கூட்டியே எழுதினேன். மல்லிக்கு, முந்தின இரவு விலை சொல்வோம், வேண்டாம் என்றால் முல்லையா காக்கடாவா என்று ஆர்டரிலேயே சொல்லிவிடுங்கள் என்று ஒரு வரி.

டெலிவரி நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதை என் மாமியார்தான் தீர்த்துவைத்தார். நான் ஒன்பதிலிருந்து பதினொன்று, பதினொன்றிலிருந்து ஒன்று என்று சமமாகப் போட்டு வைத்திருந்தேன். அவர் காலண்டரைக் கையில் எடுத்தார். "செவ்வாய்க்கிழமை ஒன்பதுல இருந்து பத்தரை எமகண்டம், மூணுல இருந்து நாலரை ராகு காலம். எவனும் அதுல பூஜை போட மாட்டான். பத்தரைக்கு மேல போடுவான், இல்லேன்னா சாயங்காலம் நாலரைக்கு மேல. அதுக்கு முன்னாடி பூ போய் இறங்கணும்." புதன்கிழமை எமகண்டம் ஏழரையிலிருந்து ஒன்பது, ராகு காலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. ஆகவே வீடுகளில் ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் பூஜை. எட்டரைக்குள் எல்லா வீட்டிலும் பூ இருக்க வேண்டும். அவர் சொன்னபடியே நேரங்களை மாற்றினேன்.

ஒரு நேரத்துக்கு எத்தனை வீடு? எங்களிடம் வண்டியில் போகிற பையன்கள் இருவர். மாலையை நசுங்காமல் கொண்டுபோக வேண்டும், ஒரு தடவைக்கு நான்கு கூடைக்கு மேல் ஏறாது, திரும்பி வந்து எடுத்துப் போக வேண்டும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவருக்கு ஏழு இடம். விடியற்காலையில் சாலை காலி என்பதால் ஒன்றரை மணி நேரத்திலேயே ஏழு இடம் முடியும். செவ்வாய் மாலை வடபழனி நெரிசலில் ஐந்துதான். அதற்கு மேல் எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

முழக் கணக்கையும் மாற்றினேன். என் முழம் வேறு, என் நாத்தனார் முழம் வேறு. தலைக்கு வைக்கிற பூவுக்கு அது பரவாயில்லை. நிலை மாலை கதவுக்குச் சரியாக வர வேண்டுமே. அதனால் அதை அடிக் கணக்கில் எழுதினேன்.

முதலில் எழுதிய வரைவில் வாழ்த்து, அப்புறம் எங்கள் கடையின் பெருமை, அப்புறம்தான் தேதி. இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிதான் வெளியே தெரியும், மீதியைத் தொட்டால்தான் விரியும். தேதியை மேலே ஏற்றி, வாழ்த்தைக் கடைசிக்கு இறக்கினேன். போட்டது இது:

"ஆயுத பூஜை பூ ஆர்டர். செவ்வாய் (செப். 30) டெலிவரிக்கு: ஞாயிறு, செப். 28, மாலை 6 மணி வரை. புதன் (அக். 1) டெலிவரிக்கு: திங்கள், செப். 29, மாலை 6 மணி வரை.

அலுவலகம், பட்டறை நண்பர்களே, உங்கள் பூஜை செவ்வாயா புதனா என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

செவ்வாய்: காலை 8 – 10, மதியம் 1 – 3, மாலை 6 – 8
புதன்: காலை 5.30 – 7, காலை 7 – 8.30

நிலை மாலை (சாமந்தி): மேலே 4 அடி, இரு பக்கமும் 3 அடி தொங்கல். வண்டி மாலை, படத்து மாலை, கதம்பம், உதிரிப் பூ உண்டு. மல்லி விலை முந்தின இரவு சொல்வோம். வேண்டாம் என்றால் முல்லையா, காக்கடாவா என்று சேர்த்து எழுதுங்கள்.

ஒரே மெசேஜில்: கிழமையும் தேதியும், நேரம், என்ன பூ, எத்தனை, முகவரி. பாதிப் பணம் வந்ததும் ஆர்டர் எண் அனுப்புவோம். எண் வந்தால்தான் உறுதி.

அசோக் நகர், கே.கே. நகர், வடபழனி, மேற்கு மாம்பலம், ஈக்காட்டுத்தாங்கல், கிண்டி. வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி எங்களிடம் இல்லை. நவராத்திரி வாழ்த்துகள்!"

அந்த ஆர்டர் எண் மிகவும் கைகொடுத்தது. ஸ்க்ரீன்ஷாட் ஊரெல்லாம் சுற்றினாலும், நேரம் நிரம்பியதை அதில் போய் மாற்ற முடியாது. எண் இல்லை என்றால் ஆர்டர் இல்லை என்பது மட்டும் எல்லோருக்கும் புரிந்தது. புதன் காலை 7 – 8.30 சனிக்கிழமையே நிரம்பிவிட்டது. பிறகு கேட்டவர்களிடம் 5.30 – 7 இருக்கிறது என்றேன், பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள்.

கிண்டி அலுவலகத்தில் இந்த முறையும் அவர்களே கூப்பிட்டார்கள். "அக்கா, செவ்வாய், காலை 8 – 10" என்று சொல்லிவிட்டுத்தான் வணக்கமே சொன்னார்கள். ஒன்பதே காலுக்குப் பூ இறங்கியது.

திங்கள் இரவு எட்டரை மணிக்கு ஒரு அம்மா கூப்பிட்டார், பத்து வருட வாடிக்கை. இரண்டு நிலை மாலை வேண்டும் என்றார். எட்டு மணிக்கே கிலோ சொல்லி முடித்தாயிற்று. ஒருவருக்காக எடுத்தால் கட்டுகிற ஐந்து பெண்களும் இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும், ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவர் மாலையில் நெருக்கம் குறையும். இல்லை என்றேன். புதன் காலை கடைக்கு வந்தால் உதிரிச் சாமந்தியும் கதம்பமும் தருகிறேன் என்றேன். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் வந்தார், வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்றில் மட்டும் சறுக்கினேன். புதன் 5.30 – 7 நேரத்தில் நான்கு அபார்ட்மென்ட்களில் கேட்டில் விடவில்லை. வாட்ச்மேன் வீட்டுக்கு போன் போட்டுக் கேட்க வேண்டும், வீட்டுக்காரர்கள் தூங்குகிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் போனதில் அந்தப் பையனின் கடைசி இரண்டு வீடுகள் 7.20க்குத்தான் முடிந்தன. இரண்டு வீட்டாரிடமும் நானே பேசி மன்னிப்புக் கேட்டேன். அடுத்த கேப்ஷனில் முகவரிக்குப் பக்கத்தில் இன்னொரு வரி சேர்த்து வைத்திருக்கிறேன்: "அபார்ட்மென்ட் என்றால் பூவை வாட்ச்மேனிடம் கொடுக்கலாமா, வீட்டுக்கே வர வேண்டுமா என்று எழுதுங்கள். வீட்டுக்கே என்றால் முந்தின இரவே கேட்டில் சொல்லிவையுங்கள்."