ஒரே குத்தகை, மூன்று வாசகர்கள்: அப்ஸ்ட்ராக்‌ஷன் தேர்வில் இரண்டாவது முறை தேறிய அனுபவம்

வெள்ளிக்கிழமை மாலை ரிசல்ட் வந்தது. 81. தேறுவதற்கு 70 போதும். போன முறை 54 வாங்கிவிட்டு இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இப்போது மனசு லேசாக இருக்கிறது. எங்கே விழுந்தேன் என்பதும் மறக்கவில்லை. அடுத்த பேட்ச் எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தேர்வு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். குத்தகைப் பத்திரம், கூடவே துணை ஒப்பந்தம், மூன்று மணி நேரம். அவற்றிலிருந்து தேவையான தகவலை எடுத்து அக்கவுண்ட்ஸ், கிடங்குப் பொறுப்பாளர், சட்டப் பிரிவுத் தலைவர் என்று மூன்று வாசகர்களுக்கு மூன்று தாள். போன முறை தகவலை எடுத்ததில் எனக்கு மார்க் குறையவே இல்லை. தேதி, தொகை, ஷரத்து எண் எல்லாம் சரி. ஆனால் ஒரே அட்டவணையைக் கொஞ்சம் மாற்றி மாற்றி மூன்று பேருக்கும் கொடுத்துவிட்டேன். அட்டவணை என்றால் சுத்தமாகத் தெரியும், திருத்துகிறவருக்கும் பிடிக்கும் என்ற நினைப்பு.

என்னை விழ வைத்தது அதில் ஒரே ஒரு வரி. கேள்வித்தாளை வெளியே சொல்லக் கூடாது என்பதால் இடத்தையும் எண்களையும் மாற்றிச் சொல்கிறேன்.

ஒரகடம் பக்கம் 40,000 சதுர அடிக் கிடங்கு. குத்தகை 1-7-2023 முதல் 30-6-2032 வரை, 9 வருடம். சதுர அடிக்கு 28 ரூபாய், 3 வருடத்துக்கு ஒரு முறை 15 சதவீத உயர்வு. லாக்-இன் 36 மாதம், அதாவது 30-6-2026 வரை விலக முடியாது. லாக்-இன் முடிந்த பிறகு, வாடகை பாக்கி இல்லாத நிலையில், 4 மாத நோட்டீஸ் கொடுத்துக் குத்தகைதாரர் விலகலாம் என்கிறது ஷரத்து 14. அப்புறம் ஒரு துணை ஒப்பந்தம். 1-1-2025 முதல், கிடங்குக்குப் பக்கத்திலேயே இன்னும் 6,000 சதுர அடி, சதுர அடிக்கு 30 ரூபாய், உயர்வு முதல் பத்திரத்தின் தேதிகளிலேயே. அதன் 5ஆம் ஷரத்து இப்படிப் போகிறது: முதல் பத்திரத்தில் என்ன சொல்லியிருந்தாலும், கூடுதல் இடத்துக்கு லாக்-இன் 24 மாதம்; இடத்தின் ஒரு பகுதியை மட்டும் காலி செய்ய முடியாது.

சட்டப் பிரிவுத் தலைவருக்கான தாளில் நான் எழுதியது: “லாக்-இன்: 30-6-2026. நோட்டீஸ்: 4 மாதம்.” அதற்கு நாலு வரி கீழே, “கூடுதல் இடம் லாக்-இன்: 31-12-2026.” மூன்றுமே பத்திரத்தில் இருப்பவைதான், ஒன்றிலும் தப்பு இல்லை. விடைத்தாளைக் காட்டி விளக்கம் கேட்கப் போனபோது, திருத்திய அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்: “இந்த முதல் வரிய மட்டும் பாத்துட்டு ஒருத்தர் ஜூலை ஒண்ணாம் தேதி நோட்டீஸ் அனுப்பிட்டா?”

அனுப்பினால், அக்டோபர் கடைசியில் காலி செய்யலாம் என்று கணக்குப் போடுவார். உண்மையில் பகுதியாக வெளியேற முடியாததால் மொத்த இடமும் 31-12-2026 வரை பூட்டப்பட்டிருக்கிறது. ஆக, நோட்டீஸ் கொடுக்க முடிகிற முதல் நாள் 1-1-2027, வெளியேறுவது 30-4-2027. இடையில் ஆறு மாதம். அப்போதைய மாத வாடகை 14,95,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு 89,70,000.

ஒன்றையொன்று மாற்றுகிற மூன்று ஷரத்துகளைத் தனித்தனிக் கட்டத்தில் போட்டால், அவற்றுக்கு நடுவில் இருக்கும் “ஆனால்” விழுந்துவிடுகிறது. அந்த “ஆனால்”தான் அங்கே தகவல். கட்டத்துக்குள் அதை வைக்க இடமே கிடையாது.

இந்த முறை நான் முக்கியமாக மாற்றியது இதைத்தான். டைப் செய்யத் தொடங்கும் முன், முதல் 35 நிமிடம் பென்சிலோடு உட்கார்ந்தேன். ‘ப்ரொவைடட் தட்’, ‘சப்ஜெக்ட் டு’, ‘நாட்வித்ஸ்டாண்டிங்’ என்று ஒரு ஷரத்து இன்னொன்றுக்கு நிபந்தனை போடுகிற ஒவ்வொரு இடத்தையும் வட்டமிட்டேன். வட்டம் விழுந்த ஷரத்து எந்தத் தாளுக்குப் போனாலும் முழு வாக்கியமாகத்தான் போகும் என்று முடிவு செய்துகொண்டேன். வேகமாக டைப் செய்கிறவர்களுக்கு இந்த 35 நிமிடம் கசக்கும். நான் மெதுவாகப் படிக்கிற ஆள், எனக்கு இது ஒத்துவந்தது. ஆனாலும் மற்றதில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, ஒவ்வொரு வாசகராக வருகிறேன்.

அக்கவுண்ட்ஸ். இவருக்கு அட்டவணைதான். மாதா மாதம் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்ற ஒரே கேள்வியைத்தான் ஒன்பது வருடமும் கேட்கப் போகிறார், விடை மட்டும் காலத்துக்குக் காலம் மாறும். கேள்வி ஒன்றாக இருந்து விடை மட்டும் மாறினால் அது அட்டவணைக்கு உரியது. “15 சதவீத உயர்வு” என்று எழுதிவிட்டு அவரைக் கணக்குப் போட வைக்கக் கூடாது.

| முதல் | வரை | சதுர அடி | மாத வாடகை (ரூ.) |
|---|---|---|---|
| 1-7-2023 | 31-12-2024 | 40,000 | 11,20,000 |
| 1-1-2025 | 30-6-2026 | 46,000 | 13,00,000 |
| 1-7-2026 | 30-6-2029 | 46,000 | 14,95,000 |
| 1-7-2029 | 30-6-2032 | 46,000 | 17,19,250 |

என் விடைத்தாளில் இதோடு ஐந்தாவதாக ஷரத்து எண்ணுக்கும் ஒரு நெடுவரிசை இருந்தது. எந்த வரியை எங்கிருந்து எடுத்தோம் என்று தெரியாவிட்டால் சரிபார்க்கிறவர் மொத்தப் பத்திரத்தையும் மறுபடி புரட்ட வேண்டும். இன்னொன்று, இந்தத் தொகைகள் எதுவும் பத்திரத்தில் அச்சாகி இருக்காது, நாம் பெருக்கிப் போட்டவை. “தொகைகள் கணக்கிடப்பட்டவை” என்று அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதினேன். ஜிஎஸ்டியைத் தொகையோடு சேர்க்கவில்லை. பத்திரத்தில் இருப்பது “வரி தனி” என்பது மட்டும்தான். விகிதம் சட்டத்திலிருந்து வருவது, நடுவில் மாறலாம். அதற்கும் கீழே ஒரு வரி.

போன முறை எனக்கு அட்டவணையிலேயே 6 மார்க் போனது, காலிக் கட்டங்களால். ஒரு கட்டம் காலியாக இருந்தால் படிக்கிறவருக்கு மூன்று அர்த்தம் வரும்: பத்திரத்தில் அப்படி ஒரு ஷரத்தே இல்லை, அல்லது இந்தக் குத்தகைக்கு அது பொருந்தாது, அல்லது இணைப்புத் தாள் நம் கைக்கு வரவில்லை. முதலாவதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மூன்றாவதற்கு யாராவது போன் போட்டுத் தாளை வாங்க வேண்டும். இந்த முறை “பத்திரத்தில் இல்லை”, “பொருந்தாது”, “இணைப்பு கிடைக்கவில்லை” என்று எழுத்தாகவே போட்டேன். கோடு இழுத்தும் விடவில்லை, சைபரும் போடவில்லை. பராமரிப்புக் கட்டணத்துக்கு நேரே சைபர் போட்டால் இலவசம் என்று அர்த்தமாகிவிடும்.

கிடங்குப் பொறுப்பாளர். இவருக்குப் புல்லட். இவர் பத்திரத்தைப் படிக்கப் போவதில்லை, தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு ஒவ்வொன்றாக அடிக்கப் போகிறார். ஒன்று முடியாவிட்டாலும் அடுத்ததைச் செய்யலாம் என்கிற மாதிரி தனித்தனி வேலைகளாக இருந்தால்தான் புல்லட் சரியாக வரும். நான் எழுதியதில் சில:

- ஒவ்வொரு வருடமும் ஜூன் 30க்குள்: தீ விபத்து இன்சூரன்ஸ் நகலை உரிமையாளருக்கு அனுப்ப வேண்டும்.
- கூரை ஒழுகினால்: நாம் பழுது பார்க்கக் கூடாது. அன்றைக்கே உரிமையாளருக்கு மெயில்.
- உள் வயரிங், ஷட்டர், தரை பழுதானால்: செலவும் வேலையும் நம்முடையது.
- வெளிச்சுவரில் போர்டு வைக்கும் முன்: எழுத்து மூல அனுமதி வாங்க வேண்டும்.

வரி ஒவ்வொன்றும் எப்போது அல்லது எந்த நிலையில் என்பதில் தொடங்குகிறது. ஷரத்து எண் வரிசையில் எழுதினால் இன்சூரன்ஸ் கடைசியில் போய் உட்காரும். அவருக்குத் தேவை வேலை வருகிற வரிசை. போன முறை இதே தாளில் 14 புல்லட் போட்டிருந்தேன். அதில் பாதி “உரிமையாளர் சொத்து வரி கட்டுவார்” மாதிரி, அவர் கை வைக்கவே வேண்டாத விஷயங்கள். இந்த முறை 7.

சட்டப் பிரிவுத் தலைவர். இங்கே பாரா. “எப்போது வெளியேறலாம்?” என்பதே கேள்வி என்பதால் விடையை முதல் வாக்கியத்தில் வைத்தேன். காரணமும் ஷரத்தும் பின்னால் வந்தன.

“குத்தகையிலிருந்து 30-4-2027க்கு முன் வெளியேற முடியாது. முதல் பத்திரத்தின் லாக்-இன் 30-6-2026 அன்றே முடிந்தாலும், கூடுதல் 6,000 சதுர அடிக்கான லாக்-இன் 31-12-2026 வரை ஓடுகிறது. பகுதியாகக் காலி செய்வதைத் துணை ஒப்பந்தத்தின் 5ஆம் ஷரத்து தடுக்கிறது. 4 மாத நோட்டீஸை லாக்-இன் முடிந்த பிறகே கொடுக்க முடியும் என்பதால் முதல் வாய்ப்பு 1-1-2027. நோட்டீஸ் கொடுக்கும் நாளில் வாடகை பாக்கி இருந்தால் ஷரத்து 14இன்படி விலகும் உரிமை கிடையாது.”

ஐந்து வாக்கியம். “முடிந்தாலும்”, “என்பதால்”, “இருந்தால்” என்ற சொற்களை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், வெறும் தேதிகள்தான் மிஞ்சும்.

பாராவும் எல்லா இடத்திலும் சரிவராது. சில செட்டுகளில் சட்டப் பிரிவுக்கே ஐந்து குத்தகைகளை ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். ஐந்து பாரா எழுதினால் எது முதலில் முடிகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அங்கே ஒரு குத்தகைக்கு ஒரு வரியாக அட்டவணை போட வேண்டும். லாக்-இன் கட்டத்தில் பத்திரத்தின் தேதியை எழுதாமல், எல்லாம் சேர்ந்து வருகிற உண்மையான தேதியைப் போட்டு, பக்கத்தில் “நிபந்தனை உண்டு, கீழே பாரா 3” என்று காட்ட வேண்டும். வட்டம் விழுந்த குத்தகைகளுக்கு மட்டும் கீழே பாரா எழுதினால் போதும்.

நேரம் நான் பிரித்தது:

- பென்சில்: 35 நிமிடம்
- சட்டப் பிரிவுப் பாரா: 45
- அக்கவுண்ட்ஸ் அட்டவணை: 50
- கிடங்குப் புல்லட்: 20
- சரிபார்ப்பு: 30

பாராவை முதலில் எழுதினேன். அதை எழுதும்போதுதான் எந்தத் தேதி எதை மாற்றுகிறது என்பது தெளிவாகும். அட்டவணையில் தொடங்கினால் அந்தச் சிக்கல் தெரியாமலேயே கட்டங்கள் நிரம்பிவிடும், போன முறை எனக்கு அப்படித்தான் ஆனது. சரிபார்ப்பில் ஒரே வேலை: மூன்று தாளையும் பக்கம் பக்கமாக வைத்து, ஒரே தேதியோ தொகையோ இரண்டு தாளில் வந்தால் ஒத்துப்போகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தேன். அட்டவணையில் 2026 உயர்வை 1-6-2026 என்று அடித்திருந்தேன். கடைசி எட்டு நிமிடத்தில் அது கண்ணில் பட்டது.