மெஜஸ்டிக்கில் பதினொன்றரை

பெங்களூரு ஜெயநகரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனால் கிளம்பவே மனம் வராது. ஆனால் என் வீடு அல்சூரில். மெட்ரோவில் பச்சை வழியில் மெஜஸ்டிக் வந்து, அங்கே ஊதா வழிக்கு மாற வேண்டும். அன்று இரவு மெஜஸ்டிக்கிலிருந்து வொயிட்ஃபீல்டு பக்கம் போகும் கடைசி ரயில் 11:30க்கு. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினேன். வண்டி மாற ஐந்து நிமிடம், ஜெயநகரிலிருந்து மெஜஸ்டிக் வர கால் மணி நேரத்துக்குள், நிலையத்துக்கு நடக்கப் பன்னிரண்டு நிமிடம். அந்த நேரத்தில் ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது வரக் கால் மணியாவது ஆகும், அது மெஜஸ்டிக்கில் பயன்படாது. ஆகவே 10:45க்கு வாசலைத் தாண்டியாக வேண்டும்.

"மோர் ஒரு வாய் குடிச்சிட்டுப் போடா. இல்லேன்னா இங்கேயே படுத்துட்டுக் காலையில போயேன்" என்றார் அத்தை. மோரைக் குடித்தேன். கிளம்பும்போது 10:52.

நடந்துகொண்டே மாற்று வழியை முடிவு செய்தேன். பதினொன்று பத்துக்குள் நடைமேடையில் ரயில் ஏறாவிட்டால் மெஜஸ்டிக் போகவே கூடாது, ஜெயநகரிலிருந்தே ஆட்டோ. தூரம் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 18. மீட்டரில் 180 வரும், இரவு பத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு என்பதால் 270. மெஜஸ்டிக்கில் மாட்டிக்கொண்டால் ஏழு கிலோமீட்டருக்கு 189தான், ஆனால் அந்த நேரத்தில் அங்கே மீட்டர் போடும் ஆட்டோவைத் தேடி அலைய வேண்டும். இரண்டும் சரிப்படாவிட்டால் அத்தை வீட்டுப் பாய் இருக்கிறது. கைபேசியில் சார்ஜ் நாற்பது சதவீதம் இருந்தது. ஆட்டோ ஆப்பைத் திறந்தே வைத்திருந்தேன்.

11:07க்கு ரயில் வந்தது. மெஜஸ்டிக்கில் இறங்கும்போது 11:21. எஸ்கலேட்டரில் ஏறும் கூட்டத்தில் பாதிப் பேர் ஓடினார்கள். பக்கத்தில் இரண்டு பைகளோடு ஓர் அம்மா திணறிக்கொண்டிருந்தார். சேலம் வண்டியில் வந்து இறங்கியவராம்.

"தம்பி, இந்திராநகர் போறது எந்தப் பக்கம்?"

"என்கூட வாங்கம்மா, நானும் அதே ரயில்தான்" என்று ஒரு பையை வாங்கிக்கொண்டேன். நெல்லிக்காய் ஊறுகாய் வாசனை வந்தது. பலகையில் வொயிட்ஃபீல்டு என்று பார்த்து அந்த நடைமேடையில் நின்றோம். இந்த நேரத்தில் எதிர்ப்பக்கம் ஏறிவிட்டால் திரும்பி வர வேறு ரயில் கிடையாது. அதனால் பலகையை இரண்டு தரம் படித்தேன்.

கதவு மூடும்போது 11:30. அம்மாவுக்கு அடுத்த நிலையம்தான் என்று சொல்லிவிட்டு அல்சூரில் இறங்கினேன். நான் வெளியே வந்ததும் காவலர் ஷட்டரைப் பாதி இறக்கினார். "வந்துட்டேன் அத்தை" என்று செய்தி அனுப்பிவிட்டு, ஆட்டோ ஆப்பை மூடினேன்.