இல்லை என்பது நாளை ஆனபோது

“வாசலில் கோலம் இல்லை, வந்தவர் யாரும் இல்லை.”

தான் எழுதிய இந்தச் சோகப் பல்லவியை, மெட்டு மாறாமல் நம்பிக்கைப் பாட்டாக்க வேண்டுமென்று அக்கா மகள் இன்று மாலை கேட்டாள்.

‘இல்லை’ வரும் இடங்களில் ‘உண்டு’ என்று போட்டுப் பாடிப் பார்த்தோம். அசைக் கணக்கு ஏறக்குறைய பொருந்தியும், மெட்டு நீண்டு நிற்கும் அந்தக் கடைசி இடத்தில் குற்றியலுகரம் தாங்காமல் ‘உண்டூ’ என்று இழுபட்டது.

‘லை’ நின்ற இடத்துக்கு அதே ஐகார ஓசைதான் வேண்டியிருந்தது.

“வாசலில் கோலம் நாளை, வந்திடும் நல்ல வேளை.”

‘வந்தவர்’ போலவே ‘வந்திடும்’ என்பதும் நேர், நிரை, ‘யாரும்’ நின்ற இடத்தில் ‘நல்ல’ அப்படியே அமர்ந்தது, இயைபும் கெடவில்லை.

மெட்டின் ஏக்கம் மட்டும் போகவில்லை. எல்லாம் கிடைத்துவிட்டது என்ற சொற்களை அந்த மெதுவான மெட்டு பொய்யாக்கிவிடும். காத்திருப்பவரின் சொற்களையோ அது மனமாரச் சுமக்கிறது.